நான்கு பென்னி ரோஜா: பழைய ஸ்டாம்பின் தரத்தைப் பல்லும் நீர்க்குறியும் பசையும் எப்படி முடிவு செய்கின்றன

1859 ஏப்ரல் 23 அன்று இலங்கையில் நான்கு பென்னி மதிப்புள்ள ஒரு ஸ்டாம்ப் வெளியானது. மங்கிய ரோஜா நிறம். எட்டு மூலைச் சட்டத்துக்குள் விக்டோரியா ராணியின் தலை. லண்டனில் இருந்த பெர்க்கின்ஸ் பேக்கன் நிறுவனம் செதுக்குத் தகட்டில் அச்சடித்துக் கப்பலில் அனுப்பிய சரக்கு அது. ஸ்டாம்புகளுக்கு இடையே துளை கிடையாது; தாளிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். 1861இல் அதே நான்கு பென்னி, ஓரங்களில் துளையிட்டு வந்தது. துளையில்லாத முதல் வெளியீடு பயன்படுத்தாத நிலையில் கிடைத்தால் இன்று கேட்லாக்கில் பல பத்தாயிரம் பவுண்ட் விலை. துளையிட்டதற்கு அதில் சிறு பங்குதான்.

இந்த விலை வித்தியாசத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோல் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. துளையிட்ட ஸ்டாம்பின் பற்களை நாலு பக்கமும் நறுக்கிவிட்டால் துளையில்லாதது தயார். இது ஒரு மோசடி. இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது: அச்சகம் சோதனைக்காக வெற்றுத் தாளில் எடுத்த பிரதிகள், அதாவது ப்ரூஃப்கள், வெளியே சுற்றுகின்றன. தாளைச் செய்யும்போதே அதற்குள் பதியும் நீர்க்குறி அவற்றில் இருக்காது. அந்தக் குறியைச் செயற்கையாக உண்டாக்கி அசல் என்று விற்பார்கள். மூன்றாவது மோசடி எல்லா நாட்டு ஸ்டாம்புக்கும் பொதுவானது: பசை போன ஸ்டாம்புக்குப் புதுப் பசை தடவுவது.

ஸ்டாம்பின் தரம் என்றதும் பல்லுக்கு இத்தனை, நீர்க்குறிக்கு இத்தனை, பசைக்கு இத்தனை என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய ஸ்டாம்பில் அப்படி நடப்பதில்லை. ஒன்று சொல்வது உண்மையா என்று மற்ற இரண்டைக் கேட்டுப் பார்க்கிறார்கள். மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் அழகு, சுத்தம், படம் நடுவில் அமைந்த விதம் என்ற பேச்சே தொடங்கும். அது எப்படி என்று இந்த நான்கு பென்னியை வைத்தே பார்க்கலாம்.

துளையை எண்ணுவதும், துளையைப் பார்ப்பதும்

துளையை அளக்கும் முறை எளிது. இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை இருக்கிறது என்று எண்ணினால் அதுதான் அளவு. 'பெர்ஃப் 14' என்றால் இரண்டு சென்டிமீட்டரில் 14 துளை. 1866இல் பாரிஸ் மருத்துவர் லெக்ராண்ட் கொண்டுவந்த முறை இது; இன்றுவரை மாறவில்லை. இதற்கென்றே கோடு போட்ட அளவுத் தகடு கிடைக்கும். ஸ்டாம்பை அதன்மேல் வைத்து, பற்கள் எந்த வரிசையோடு சரியாகப் பொருந்துகின்றன என்று பார்த்தால் போதும்.

பெர்க்கின்ஸ் பேக்கன் துளையிட்ட இலங்கை ஸ்டாம்பை இப்படி அளக்கப் போனால் கொஞ்சம் குழப்பம் வரும். ஒரே ஸ்டாம்பின் ஒரு முனையில் 14 வரும், மறு முனையில் 15 வரும். இயந்திரத்தில் ஊசிகள் ஒரே சீரான இடைவெளியில் பொருத்தப்படாததுதான் காரணம். அதனால்தான் கேட்லாக்கில் ஒற்றை எண் போடாமல் '14 முதல் 15½ வரை' என்று ஒரு வீச்சையே போட்டிருக்கிறார்கள். அதே வீச்சுக்குள் இரண்டு தனித்தனி வகைகளும் உண்டு: துளை சுத்தமாக வெட்டப்பட்டவை, துளை பிய்ந்தாற்போல இருப்பவை. எண் இரண்டையும் பிரிக்காது. லென்ஸ்தான் பிரிக்கும்.

பத்து மடங்கு லென்ஸில் சுத்தமான துளையைப் பார்த்தால் வட்டத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். வெட்டிய துணுக்கு முழுசாகக் கீழே விழுந்திருக்கும். ஊசி மழுங்க மழுங்க அது காகிதத்தை வெட்டாமல் நசுக்கத் தொடங்கும். துளையின் விளிம்பில் நார் நாராக நிற்கும்; சில துளைகளில் துணுக்கு விழாமல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிரதிகளும் உண்டு. ஆக, துளையின் விளிம்பைப் பார்ப்பது ஒரு இயந்திரம் தேய்ந்த கதையைப் படிப்பதுதான். இங்கே ஒரு பின்விளைவு இருக்கிறது: பிய்ந்த துளை வகையில் பல் ஒழுங்கில்லாமல் இருப்பது குறை கிடையாது, அது பிறவி. 20ஆம் நூற்றாண்டு ஸ்டாம்பில் அதே பல்லைப் பார்த்தால் தரத்தைக் குறைப்பார்கள். இங்கே குறைக்க மாட்டார்கள். நேர்மாறாக, பிய்ந்த துளை வகை என்று விற்கப்படும் ஸ்டாம்பில் ஒரு பக்கம் மட்டும் கத்தி வைத்தாற்போலச் சுத்தமான துளை இருந்தால், அந்தப் பக்கம் பிற்பாடு யாரோ புதுசாகத் துளையிட்டிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும்.

உண்மையான குறை வேறு. பிரிக்கும்போது ஒரு பல் அடியோடு பிய்ந்து போவது, பல் பாதியில் ஒடிந்து குட்டையாவது, மூலைப் பல் மடிந்து மடிப்புத் தடம் விழுவது. மூலைப் பல் போவதுதான் கண்ணில் முதலில் படும். விலையையும் அதிகம் குறைக்கும். அப்புறம், துளை வரிசை படத்துக்குள் ஏறுவது. இலங்கைத் தகடுகள் துளையிடும் எண்ணமே இல்லாமல் செய்தவை. ஸ்டாம்புக்கும் ஸ்டாம்புக்கும் இடையில் விட்ட இடம் குறைவு. அதனால் துளை வரிசை ஏதாவது ஒரு பக்கம் சட்டத்தைத் தொட்டுக்கொண்டோ உள்ளே ஏறியோதான் பெரும்பாலும் இருக்கும். நாலு பக்கமும் வெள்ளை தெரியும்படி துளை விழுந்த பிரதி கிடைத்தால் அதற்குக் கேட்லாக் விலையைத் தாண்டியே கேட்பார்கள். அமெரிக்க நிறுவனங்கள் நூற்றுக்கு இத்தனை என்று எண்ணால் தரம் போடுகிற முறை, ஒழுங்கான இடைவெளியோடு லட்சக்கணக்கில் அச்சான ஸ்டாம்புகளுக்குப் பொருந்தும். பெர்க்கின்ஸ் பேக்கன் இலங்கைக்கு அந்த எண்ணைக் கொண்டுவந்து ஒட்டினால் அர்த்தமே இருக்காது என்பது என் எண்ணம்.

நறுக்கிய பல்

சரி, துளையில்லாதது என்று ஒரு நான்கு பென்னி வருகிறது. அது பிறவியிலேயே துளையில்லாததா, நறுக்கப்பட்டதா? இதற்கு ஓரத்தை அளக்க வேண்டும்.

கணக்கு இப்படி. தகட்டில் ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துளையில்லாத தாளை நடுவில் வெட்டினால் இரண்டு ஸ்டாம்புக்கும் ஆளுக்கு 1 மில்லிமீட்டர் ஓரம் கிடைக்கும். அதே இடத்தில் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள துளை வரிசை போயிருந்தால், துளையின் தடம் எதுவும் தெரியாமல் நறுக்க அதன் அடிவரை வெட்ட வேண்டும். மிஞ்சுவது அரை மில்லிமீட்டர். அதாவது நறுக்கிய ஸ்டாம்ப் எப்போதும் ஒல்லியாகத்தான் இருக்கும். இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் கூட்டிப் பார்த்தால் அசலுக்கு 2ம் அதற்கு மேலும் வரலாம், நறுக்கியதற்கு 1க்கு மேல் வரக் கூடாது. இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உண்மையான இடைவெளியை, சேர்ந்தே இருக்கும் ஜோடி ஸ்டாம்புகளை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கணக்குக்கு இரண்டு ஓட்டைகள் உண்டு. அந்தக் காலத்தில் துளை வரிசைகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். தாளை நகர்த்தும்போது கை தவறினால் இரண்டு வரிசைக்கு நடுவே வழக்கத்தை விட அகலம் கூடிவிடும். அப்படிப்பட்ட அகலமான ஸ்டாம்பை நறுக்கினால் ஓரம் தாராளமாகவே இருக்கும். இரண்டாவது, தாளின் விளிம்பில் இருந்த ஸ்டாம்ப். அதன் ஒரு பக்கம் வெற்றுத் தாள் இருப்பதால் அந்தப் பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம். ஆகவே ஒரு பக்கம் மட்டும் தாராளமான ஓரம் இருந்தால் அது சாட்சி ஆகாது. நாலு பக்கமும் கேட்பார்கள். ஜோடியாக இருந்தால் இன்னும் நிம்மதி: இரண்டு ஸ்டாம்புக்கும் நடுவே துளையில்லாத வெள்ளை இருந்தால் அதை யாரும் கத்தரியால் உண்டாக்க முடியாது.

எட்டு மூலைச் சட்டம் இதில் இன்னொரு சிக்கல் செய்திருக்கிறது. சட்டத்தின் வடிவத்தைப் பார்த்து அப்படியே எட்டு மூலையாக வெட்டி ஒட்டியவர்கள் அன்று இருந்தார்கள். அந்தப் பிரதிகளில் மூலைகளும் இல்லை, அளக்க ஓரமும் இல்லை. அசலாக இருந்தாலும் விலை படுத்துவிடும். சாட்சி சொல்ல வேண்டிய இடமே வெட்டுப்பட்டுப் போயிற்றே.

நட்சத்திரம் இருக்கிறதா

ஓரம் திருப்தியாக இருந்தால் அடுத்து நீர்க்குறி. காகிதம் செய்யும்போது கம்பியில் வளைத்த ஒரு உருவத்தை ஈரக் கூழின்மேல் பதிய விட்டால், அந்த இடத்தில் மட்டும் காகிதம் மெலிந்துபோகும். பெர்க்கின்ஸ் பேக்கன் இலங்கைக்கு அச்சடித்த தாளில் ஸ்டாம்புக்கு ஒரு நட்சத்திரம். 1862இல் காலனிகளின் ஸ்டாம்ப் வேலையைப் பெர்க்கின்ஸ் பேக்கனிடமிருந்து எடுத்து டி லா ரூ நிறுவனத்திடம் கொடுத்தார்கள், தகடுகளும் கைமாறின. அதற்குப் பிறகு நீர்க்குறியே இல்லாத தாளில் 13 அளவுத் துளையோடு சில மதிப்புகள் வந்தன. 1863 முதல் கிரீடமும் அதன்கீழ் இரண்டு 'சி' எழுத்துகளும் உள்ள தாள் வந்தது. படம் அதே படம். நிறம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. ஆக, நான்கு பென்னியை முன்பக்கம் மட்டும் பார்த்து எந்த வெளியீடு என்று சொல்லிவிட முடியாது.

பார்க்கும் விதம்: கறுப்புத் தட்டில் ஸ்டாம்பை முகம் கீழாக வைத்து இரண்டு மூன்று சொட்டு பென்சின் விடுவார்கள். காகிதம் நனைந்து ஒளி ஊடுருவும். மெலிந்த இடத்தில் அடியிலிருக்கும் கறுப்பு அதிகமாகத் தெரியும் என்பதால் நட்சத்திரம் கருமையாக எழும். சில விநாடிகளில் பென்சின் ஆவியாகிவிடும். தண்ணீர் மாதிரி பசையைக் கரைக்காது என்பதுதான் இதன் வசதி. சன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்ய வேண்டிய வேலை. வேறு சில காலத்து ஸ்டாம்புகளின் மை பென்சினில் கசியக்கூடும் என்பதால், தெரியாத ஸ்டாம்பில் முதலில் ஓரத்தில் தொட்டுப் பார்ப்பது வழக்கம்.

கிரீடமும் 'சி'யும் எழுந்தால் பேச்சு முடிந்தது. 1863க்கு முன் அந்தத் தாளில் இலங்கை ஸ்டாம்ப் அச்சாகவில்லை. 1859 ஸ்டாம்பாக இருக்கவே முடியாது, யாரோ பல்லை நறுக்கியிருக்கிறார்கள். ஓரத்தை அளந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு நீர்க்குறி ஒரே பார்வையில் பதில் சொல்லிவிடும். எதுவுமே எழாவிட்டால் ப்ரூஃப் என்ற சந்தேகம் வரும். நட்சத்திரம் எழுந்தால்? அதோடு நிம்மதியாகிவிட முடியாது, ஏனென்றால் நட்சத்திரத்தையும் செய்யலாம்.

போலி நட்சத்திரம் செய்ய வழக்கமான வழிகள் இரண்டு: பின்பக்கத்தைச் சுரண்டி மெலிய வைப்பது, இல்லாவிட்டால் எண்ணெய்த் தன்மையுள்ள ஏதாவது திரவத்தால் வரைவது. சுரண்டியதைக் கண்டுபிடிக்க ஸ்டாம்பைச் சாய்த்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் லென்ஸால் பார்க்க வேண்டும். கூழாக இருக்கும்போதே மெலிந்த காகிதத்தின் மேற்பரப்பில் நார்கள் ஒழுங்காகப் படுத்திருக்கும். சுரண்டிய இடத்தில் நார்கள் எழும்பி, பஞ்சு பஞ்சாக நிற்கும். எண்ணெயில் வரைந்தது பென்சின் விட்டதும் மாறிவிடும். தெளிவாக இருந்த குறி மங்கும் அல்லது பரவும். அசல் நட்சத்திரம் நனைந்தால் இன்னும் தெளிவாகுமே தவிர மங்காது.

பசை இருக்கும் பிரதியாக இருந்தால் இன்னொரு சாட்சியும் கிடைக்கிறது. பின்பக்கம் பசை கலையாமல் ஒரே படலமாக நட்சத்திரத்தின்மேல் படர்ந்திருந்தால் அந்த இடத்தைப் பிற்பாடு யாரும் சுரண்டவில்லை என்று பொருள். பசையையும் புதுசாகத் தடவியிருந்தால்? அப்போது பசையையே விசாரிக்க வேண்டியதுதான்.

அதே பென்சின் தட்டு தரம் பிரிக்கவும் உதவுகிறது என்பதைச் சொல்லிவிடலாம். நீர்க்குறி கருமையாகத் தெரிகிற அதே காரணத்தால், ஆல்பத்திலிருந்து பிய்க்கும்போது பின்பக்கத் தோல் உரிந்து மெலிந்த இடமும் கருமையாகத் தெரியும். ஒட்டவைத்த கிழிசல், நிரப்பிய ஓட்டை, வேறு ஸ்டாம்பிலிருந்து வெட்டிச் சேர்த்த ஓரம் எல்லாம் வெளியே வந்துவிடும். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும் ஸ்டாம்ப் தட்டில் விழுந்ததும் இரண்டு படி இறங்குவது சாதாரணம். ஏலப் பட்டியலில் படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது கடைசியில்தான் தெரிகிறது.

பசை

பசையின் கதை பழைய ஸ்டாம்புக்கும் புதிய ஸ்டாம்புக்கும் வெவ்வேறு. 19ஆம் நூற்றாண்டில் சேகரித்தவர்கள் ஸ்டாம்பை நேராக ஆல்பத்தில் ஒட்டினார்கள். பிறகு ஹிஞ்ச் என்ற மெல்லிய மடிப்புத் தாள் வந்தது. ஒரு பாதி ஸ்டாம்பின் முதுகில், மறு பாதி ஆல்பத்தில். எடுத்தால் முதுகில் ஒரு தடம் இருக்கும், சில சமயம் ஹிஞ்சின் துண்டே இருக்கும். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. ஹிஞ்சே படாத பசைதான் வேண்டும் என்ற பிடிவாதம் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. இன்றும் ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாக் ஐந்தாம் ஜார்ஜ் காலம் வரையிலான பயன்படுத்தாத ஸ்டாம்புகளுக்கு, லேசான ஹிஞ்ச் தடம் இருக்கும் என்று வைத்துத்தான் விலை போடுகிறது. எட்டாம் எட்வர்ட் முதல் ஹிஞ்ச் படாததற்கு விலை போடுகிறது.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது? 1859 நான்கு பென்னியில் யாராவது 'ஹிஞ்ச் படாத அசல் பசை' என்று எழுதினால் மகிழ்ச்சி வருவதற்கு முன் சந்தேகம் வர வேண்டும். கொழும்பின் ஈரக் காற்றில் இருந்து, பல கை மாறி வந்த ஒரு காகிதத்தில் பசை முழுசாக, பளபளப்பாக, ஒரே சீராக இருப்பது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் நம்புவதற்குக் காரணம் வேண்டும். பாதிப் பசை, பழுப்பேறியது, ஆங்காங்கே வெடித்தது, பழைய ஹிஞ்ச் தடம் இரண்டு. இப்படி ஒரு முதுகுதான் இந்த வயதுக்கு இயல்பானது. விக்டோரியா கால இலங்கையில் பசை முழுக்கப் போன பிரதியையும் வாங்குகிறார்கள்; விலை குறையும், ஆனால் தள்ளிவிட மாட்டார்கள். அதே சேகரிப்பாளர் 1950ஆம் வருட ஸ்டாம்பில் பசையில்லை என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

புதுப் பசையைக் கண்டுபிடிக்கும் முறையில் துளை மறுபடியும் உள்ளே வருகிறது. அச்சகத்தில் முதலில் முழுத் தாளுக்குப் பசை பூசுவார்கள், காய்ந்த பிறகுதான் துளையிடுவார்கள். ஆகவே அசல் ஸ்டாம்பைப் பிரிக்கும்போது பல்லின் நுனியில் பிய்கிற நார்கள் பசை படாதவை. மென்மையாக, வெள்ளையாக, பஞ்சுபோல இருக்கும். தனி ஸ்டாம்புக்குப் பிற்பாடு பசை தடவினால் அது பல் நுனியின் நார்களுக்குள் ஊறி அவற்றை ஒட்டிவிடும். நுனிகள் விறைக்கும். விரல் நுனியால் பல் வரிசையை மெதுவாகத் தடவினால் அசல் மெத்தென்று இருக்கும், மறுபசை பூசியது சொரசொரவென்று உறுத்தும். லென்ஸில் துளையின் உள்சுவரில் பசை வழிந்து மினுக்குவதும் தெரியும்.

துளையில்லாத நான்கு பென்னிக்கோ பல்லே கிடையாது. ஆகையால் இந்தச் சோதனையைச் செய்யவும் வழியில்லை. வெட்டிய விளிம்பில் பசை வழிந்து முன்பக்கத்தை எட்டிப் பார்க்கிறதா, பழைய மெலிவுக்குள்ளும் மடிப்புக்குள்ளும் பசை குளம்போலத் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். அசல் பசையின்மேல் ஏற்பட்ட மெலிவில் பசையும் சேர்ந்து உரிந்திருக்கும். மெலிந்த இடத்தின்மேல் பசை படர்ந்திருந்தால் மெலிவு முதலில், பசை பிறகு. தபால் முத்திரையின் மை முன்பக்கம் லேசாகத் தெரிய, பின்பக்கம் பசையோடு இருப்பதும் பழைய தந்திரம்தான்: பயன்படுத்திய ஸ்டாம்பின் முத்திரையை அழித்து, பசை தடவி, பயன்படுத்தாததாக ஆக்குவது. நான்கு பென்னியில் பயன்படுத்தாததற்கும் பயன்படுத்தியதற்கும் விலை வித்தியாசம் மிகப் பெரிது என்பதால் இங்கே இந்தத் தந்திரத்துக்குக் கூலி அதிகம்.

பசை எப்போதும் இருந்தால் நல்லதுதான் என்றும் சொல்ல முடியாது. 1935இல் ஜெர்மனி, கோனிக்ஸ்பர்க் நகரில் நடந்த ஆஸ்ட்ரோபா கண்காட்சிக்கு நாலு ஸ்டாம்ப் கொண்ட ஒரு சின்னத் தாள் வெளியிட்டது. அதன் பசையில் கந்தக அமிலம் இருந்ததால் காகிதம் பழுத்து உதிர ஆரம்பித்தது. விஷயம் தெரிந்தவர்கள் பசையைக் கழுவிவிட்டார்கள். அந்த ஒரு வெளியீட்டில் பசையில்லாத தாளுக்கும் தனியாக மரியாதை உண்டு.

நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பசை வேறு விதமாகப் படுத்தும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பக்கத்து ஸ்டாம்போடு ஒட்டிக்கொள்ளும். கோடையில் காய்ந்து சுருங்கிக் காகிதத்தை வளைக்கும். தடித்த பசை வெடித்தால், அந்த வெடிப்பு காகிதத்தின் நார் வரை இறங்கி முன்பக்கத்தில் கோடாகத் தெரியும். பூஞ்சை பிடித்தால் பல் நுனியிலிருந்துதான் பழுப்புப் புள்ளிகள் ஆரம்பிக்கும், ஏனென்றால் ஈரத்தை முதலில் குடிப்பது வெட்டுப்பட்ட அந்த நார்கள்தான். இந்திய வியாபாரிகள் 1948ஆம் வருடக் காந்தி பத்து ரூபாய் ஸ்டாம்பை விற்கும்போது 'ஒயிட் கம்' என்று தனியாக எழுதுவது இதனால்தான். பழுப்பேறாத வெள்ளைப் பசை இங்கே அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. அதே ஸ்டாம்ப் முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதுகு பழுத்திருந்தால் விலை சரசரவென்று இறங்கும். சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே நிறுவனம் அச்சடித்த அந்த ஸ்டாம்பின் துளை 11½. துளை அளவு வேறாக வந்தால் பசையைப் பார்க்கும் அவசியமே இல்லை, போலி என்று கீழே வைத்துவிடலாம்.

ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தால்

மூன்றையும் ஒன்றாக ஓட்டிப் பார்ப்போம். விற்பனைக்கு ஒரு நான்கு பென்னி வந்திருக்கிறது, துளையில்லை, முத்திரையில்லை, பின்பக்கம் பசை என்று வைத்துக்கொள்வோம். 'மிக நேர்த்தியானது, அசல் பசை' என்று எழுதியிருக்கிறார்கள்.

முதலில் ஓரம். மேலே, இடப்பக்கம், வலப்பக்கம் தாராளம். கீழே சட்டத்தை ஒட்டி வெட்டியிருக்கிறது. இடது வலது கூட்டல் ஜோடி ஸ்டாம்பின் இடைவெளியை எட்டுகிறது, நல்ல அறிகுறி. மேலும் கீழும் கூட்டினால் போதவில்லை. நறுக்கியது என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது, கத்தரிக்கோல் பிடித்த தபால் குமாஸ்தா கோணலாக வெட்டியிருக்கலாம். அசல் என்றாலும் கீழ் ஓரம் இல்லாததால் 'மிக நேர்த்தி' போய்விட்டது. நாலு பக்க ஓரம் என்ற தகுதி இதற்குக் கிடையாது, மூன்று பக்க ஓரம்தான்.

அடுத்து தட்டு. நட்சத்திரம் எழுகிறது, நனைய நனையத் தெளிகிறது. கூடவே மேல் நடுவில் ஒரு கருந்திட்டு, ஹிஞ்ச் பிய்த்த மெலிவு. இதோடு 1863க்குப் பிந்தைய தாள் என்ற சந்தேகமும், போலிக் குறி செய்த ப்ரூஃப் என்ற சந்தேகமும் பெரும்பாலும் அகன்றன. நறுக்கிய 1861 ஸ்டாம்ப் என்ற சந்தேகம் மட்டும் மிச்சம். அதன் தாளிலும் நட்சத்திரம்தான். அதற்கு நிறத்தையும் அச்சின் கூர்மையையும் உறுதிசெய்யப்பட்ட பிரதியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியிருக்கும். படத்தைப் பார்த்து வீட்டிலிருந்தபடி முடிவு செய்கிற விஷயம் கிடையாது.

கடைசியாக முதுகு. பசை வெளிர் மஞ்சள், கண்ணாடி மாதிரி சீராக இருக்கிறது. மேலே சொன்ன மெலிவின்மேலும் அதே பசை தடையில்லாமல் படர்ந்திருக்கிறது. ஹிஞ்ச் பிய்ந்து தோல் உரிந்தபோது பசையும் போயிருக்க வேண்டுமே. ஆக மெலிவு பழையது, பசை புதியது. கீழ் விளிம்பில் ஒரு இடத்தில் அந்தப் பசை வெட்டின்மேல் ஏறி முன்பக்கம் மினுக்குகிறது. இது மறுபசை. மறுபசை என்றதும் அடுத்த கேள்வி தானாக வரும்: பசை ஏன் தேவைப்பட்டது? வெறுமனே பசை போன பிரதிக்கு அழகு செய்தார்களா, அழித்த முத்திரையை மறைத்தார்களா? புற ஊதா விளக்கின் கீழ் முன்பக்கத்தில் பழைய முத்திரையின் நிழல் தெரிகிறதா என்று பார்ப்பது அதனால்தான் அடுத்த வேலை.

இந்தப் பிரதி லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு போன்ற இடத்துக்குப் போனால், சான்றிதழில் எண்ணிலே மதிப்பெண் வராது. எந்த வெளியீடு, அசலா, பயன்படுத்தியதா இல்லையா, என்னென்ன பழுது என்ற வாக்கியங்கள்தான் வரும். முத்திரை அழித்த தடம் இல்லை, நிறமும் அச்சும் 1859தான் என்று முடிவானால், 'அசல், பயன்படுத்தாதது, கீழே சட்டத்தை ஒட்டி வெட்டியது, மெலிவுள்ளது, மறுபசை பூசியது' என்ற தொனியில் இருக்கும். வாங்குகிறவர் அதைப் பசையில்லாத, மூன்று பக்க ஓரமுள்ள, மெலிவு விழுந்த பிரதியாகத்தான் கணக்குப் போடுவார். முத்திரையின் நிழல் தெரிந்தாலோ, பயன்படுத்திய ஸ்டாம்பின் விலைக்கும் கீழே போய்விடும், பழுதுபார்த்து ஏமாற்ற முயன்ற பிரதி என்பதால்.